மாற்றிய முகம் ஏன் உறுத்துகிறது, கண் முதலில் எதைப் பிடிக்கிறது

ஒருவர் உடலில் இன்னொருவர் முகத்தைப் பொருத்திய வீடியோவைப் பத்துப் பேருக்குக் காட்டினால், பலரும் சொல்வது ஒன்றுதான்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ மாதிரி இருக்கு.” எங்கே என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட மாட்டார்கள். சிலர் கண் என்பார்கள், சிலர் தோல் என்பார்கள், பெரும்பாலும் குத்துமதிப்பாக. பிழை எங்கே என்று தெரியவில்லை, பிழை இருப்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் உறுத்தல் பிறக்கிறது.

கேலிச்சித்திரத்தில் மூக்கு முகத்தில் பாதி இருந்தாலும் நமக்குப் பயமில்லை. பொம்மலாட்டப் பொம்மைக்குக் கண்ணே சிமிட்டாவிட்டாலும் குழந்தைகள் சிரிக்கின்றன. ஆனால் தொண்ணூற்றொன்பது பங்கு சரியாக இருக்கும் முகத்தில் ஒரு பங்கு பிசகினால் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ஜப்பானிய ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி இதை 1970-இல் ஒரு சிறு கட்டுரையில் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நம் ஒட்டுதல் ஏறிக்கொண்டே போகிறது. முழு மனித உருவத்துக்குச் சற்று முன்னால் சடாரென்று கீழே விழுகிறது. பிறகு மீண்டும் ஏறுகிறது. அந்தச் சரிவுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் அமானுஷ்யப் பள்ளத்தாக்கு என்று சொல்லலாம். அவர் இன்னொன்றும் சொன்னார்: உருவம் அசைந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். முகமாற்று வீடியோ செய்பவர்கள் தினமும் பார்ப்பது அதைத்தான். நிறுத்தி வைத்த படத்தில் குறையே இல்லாத முகம், ஓடவிட்டதும் உயிரற்றுப் போகும்.

முகத்தை நாம் பாகம் பாகமாகப் பார்ப்பதில்லை

நாற்காலியைப் பார்க்கும்போது கால், கை, முதுகு என்று தனித்தனியாகக் கவனிக்க முடியும். முகம் அப்படியில்லை. கண்களுக்கு இடையே எவ்வளவு தூரம், மூக்குக்கும் உதட்டுக்கும் எவ்வளவு தூரம், எது எந்தச் சாய்வில் இருக்கிறது என்ற உறவுகளையெல்லாம் மூளை ஒரே வாயாக விழுங்குகிறது. முகத்தைப் பார்த்த சுமார் 170 மில்லி செகண்டுக்குள், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்குக்குள், முகத்துக்கே உரிய மின் அலை மூளையில் பதிவாகிவிடுகிறது. “இது முகம்” என்ற முடிவு அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவதால், அதற்கான எதிர்பார்ப்புகளும் கூடவே வந்துவிடுகின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முகப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டி, தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் ஒட்டுங்கள். நேராகப் பார்த்தால் கோரம். முழுப் படத்தையும் தலைகீழாகப் பிடித்தால் கோரம் மறைந்து, சாதாரணப் படம்போல் தெரியும். பீட்டர் தாம்ப்சன் 1980-இல் மார்கரெட் தாட்சரின் படத்தை வைத்துக் காட்டியதால் இதற்குத் தாட்சர் மாயை என்று பெயர். முகத்தைத் தலைகீழாக்கினால் உறவுகளைப் படிக்கும் திறன் செயலிழந்துவிடுகிறது. உறுப்புகளைத் தனித்தனியாகப் படிக்கும் திறன் மட்டும் மிஞ்சுகிறது. பின்னால் குறைகளைத் தேடும்போது இது நமக்குப் பெரிய உதவியாக வரும்.

ஆக, உறுத்தலைத் தீர்மானிப்பது குறையின் அளவு அல்ல. முகத்தின் ஒரு பகுதி சொல்வதை இன்னொரு பகுதி மறுப்பதுதான் காரணம். செயாமா, நாகயாமா என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. கண்களைப் பெரிதாக்கிய முகங்களைக் காட்டினார்கள். பொம்மை போன்ற தோல் உள்ள முகத்தில் பெரிய கண்கள் அவ்வளவாக உறுத்தவில்லை. தோல் நிஜ மனிதத் தோலை நெருங்கிய பிறகு, அதே பெரிய கண்கள் மிகவும் அருவருப்பாகத் தெரிந்தன. தோல் “நான் நிஜம்” என்று உரக்கச் சொல்லச் சொல்ல, கண்ணின் பொய் பெரிதாகிறது. முகமாற்றத்தில் கன்னத்து மெருகை மட்டும் கூட்டிக்கொண்டே போவது ஏன் பயன் தருவதில்லை என்பதற்கு இதுவே பதில்.

கண்: அரை பிக்சலில் போகும் உயிர்

முகத்தைப் பார்ப்பவரின் பார்வை எங்கெங்கே போய் நிற்கிறது என்று பதிவு செய்தால், பெரும்பகுதி நேரம் இரண்டு கண்களிலும் அடுத்து வாயிலும்தான் இருக்கும். எனவே முதலில் அகப்படுவது கண்ணின் குறைதான். அதிலும் கண்ணின் வடிவமோ நிறமோ அல்ல, பார்வையின் திசை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பேசுபவர் நம் கண்ணைப் பார்க்கிறாரா, காதைப் பார்க்கிறாரா என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுவோம். கண்ணுக்கும் காதுக்கும் சுமார் 9 சென்டிமீட்டர் என்று வைத்தால், அந்த வித்தியாசம் மூன்றரை டிகிரிக்கும் குறைவு. விழிக்கோளத்தின் ஆரம் சுமார் 12 மில்லிமீட்டர். அது மூன்றரை டிகிரி திரும்பினால் கருவிழி நகர்வது வெறும் 0.7 மில்லிமீட்டர். அந்த நகர்வைத்தான் நாம் இவ்வளவு எளிதாகப் படிக்கிறோம்.

இப்போது முகத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல் பக்கம் வருவோம். பரவலாகப் புழங்கும் ஒரு வகை மாடல், முகத்தை 128-க்கு 128 பிக்சல் கட்டத்தில் உருவாக்குகிறது. முகத்தை நேராக்கி அந்தக் கட்டத்தில் வைக்கும்போது இரு கண்மணிகளுக்கும் இடையே சுமார் 35 பிக்சல்தான் கிடைக்கும். நிஜத்தில் அந்தத் தூரம் வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆக, ஒரு பிக்சல் என்பது 1.8 மில்லிமீட்டர். சுமார் 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கருவிழிக்குக் கிடைப்பது ஆறேழு பிக்சல். கண்ணா காதா என்று காட்டிக்கொடுத்த அந்த 0.7 மில்லிமீட்டர் நகர்வு, இந்தக் கட்டத்தில் அரை பிக்சலைக்கூட எட்டாது.

அந்தச் சிறு முகம் அப்படியே நிற்பதில்லை. கண்களுக்கு இடையே 140 பிக்சல் இருக்கும் நெருக்கக் காட்சியில் பொருத்தினால், அதை நான்கு மடங்கு இழுக்க வேண்டும். ஒரு பிக்சலில் எழுதிய தகவல் பதினாறு பிக்சல்களில் பூசப்படுகிறது. வலது கண்ணில் அரை பிக்சல் இந்தப் பக்கமும், இடது கண்ணில் அரை பிக்சல் அந்தப் பக்கமும் பிசகினால், இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் சந்திப்பதில்லை. மாறுகண் என்று சொல்லும் அளவுக்கு இருக்காது. “எங்கேயோ பார்க்கிறார்”, “நம்மை ஊடுருவிப் பார்க்கிறார்” என்று மட்டும் தோன்றும். முகமாற்றத்தைப் பார்த்தவர்கள் “கண்ணில் உயிரில்லை” என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

உயிரில்லை என்பதற்கு இன்னொரு காரணம், விழியில் தெரியும் ஒளிப்புள்ளி. ஜன்னலோ விளக்கோ ஈரமான கருவிழியில் பிரதிபலித்துச் சிறு வெள்ளைப் பொட்டாக விழும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். நம் கட்டத்தில் ஒரே பிக்சல். மாடல் அதைப் பல நேரம் கரைத்துவிடுகிறது, அல்லது ஒரு கண்ணில் மட்டும் வைக்கிறது. ஒரே விளக்கின் கீழ் இருக்கும் முகத்தில் இரு கண்களிலும் அந்தப் பொட்டு ஏறக்குறைய ஒரே மணி நிலையில் இருக்க வேண்டும்: இடது கண்ணில் பத்து மணிப் பக்கம் என்றால் வலது கண்ணிலும் பத்து மணிப் பக்கம். பார்ப்பவர் இந்த விதியை அறிந்திருக்க மாட்டார். பொட்டு இல்லாத கண் ஈரமற்ற கண் என்பது மட்டும் அவருக்கு உடனே புரியும்.

கண் சிமிட்டல் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மனிதர் நிமிடத்துக்குச் சராசரியாகப் பதினைந்து, இருபது முறை சிமிட்டுவார். ஆரம்பகால டீப்ஃபேக்குகள் சிமிட்டவே இல்லை, ஏனென்றால் பயிற்சிக்குக் கொடுத்த புகைப்படங்களில் கண் மூடியவை அரிது. கண் மூடிய படத்தை யார்தான் பத்திரப்படுத்துகிறார்கள்? 2018-இல் இதை வைத்தே போலியைக் கண்டுபிடிக்கும் முறை வந்தது. அதன் பிறகு பயிற்சியில் மூடிய கண்களும் சேர்ந்தன. எனவே சிமிட்டவில்லையே என்று தேடுவது இன்று பழைய சாவியால் புதுப் பூட்டைத் திறக்கப் பார்ப்பது. இப்போது மாட்டிக்கொள்வது பாதி மூடிய நிலைதான்: இமை இறங்கும் இரண்டு மூன்று ஃபிரேம்களில் இமைக்கும் விழிக்கும் இடையே தெளிவான கோடு இல்லாமல் சேறு போலக் குழம்பியிருக்கும்.

வாய்: மூட வேண்டிய உதடு மூடவில்லை

கண்தான் முதலில் மாட்டும் என்றேன். அது யாரும் பேசாத காட்சியில். பேச ஆரம்பித்ததும் பார்வை வாய்க்கு இறங்குகிறது. பேச்சைக் காது மட்டும் கேட்பதில்லை, கண்ணும் கேட்கிறது. ஒரு ஒலியைக் காதில் விட்டு, வேறொரு ஒலிக்கான உதட்டசைவைக் காட்டினால், கேட்கும் ஒலியே மாறித் தெரியும் என்பதை மக்கர்க், மெக்டொனால்டு என்ற இருவர் 1976-லேயே காட்டிவிட்டார்கள்.

தமிழில் இதற்குச் சோதனைக் கற்கள் ப, ம என்ற இரண்டு எழுத்துகள். “அம்மா”, “அப்பா” என்று சொல்ல உதடுகள் ஒட்டியே ஆக வேண்டும். வேறு வழியில் அந்த ஒலி வராது. ஆனால் நம் 128 கட்டத்தில் ஒரு பிக்சல் 1.8 மில்லிமீட்டர். உதடுகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், இடைவெளியே இல்லாவிட்டாலும், மாடலுக்கு ஏறக்குறைய ஒரே சாம்பல் கோடுதான். இழுத்துப் பெரிதாக்கியதும் அது நான்கு பிக்சல் தடிமனுள்ள இருட்டுக் கோடாகிறது. காதில் தெளிவான “ம்ம்” கேட்கிறது. கண்ணில் உதடு சற்றே திறந்திருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் சாதாரணப் பேச்சின் இந்த மூடல் இரண்டு மூன்று ஃபிரேம்தான் நீடிக்கும். பார்ப்பவர் அதைத் தனியாகக் கவனிக்க வாய்ப்பே இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்தில் ஏழெட்டு முறை இப்படி நடந்தால், “டப்பிங் படம் மாதிரி இருக்கே” என்பார்.

பற்களின் கதையும் இதே வகைதான். மாடல் தன் பிழையைப் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டுக் குறைக்கக் கற்கிறது. பல்லின் விளிம்பு இங்கேயா, அரை பிக்சல் தள்ளியா என்று உறுதியில்லாத இடத்தில், இரண்டுக்கும் நடுவான மங்கல் வெள்ளையைப் போடுவது அதற்கு லாபம். விளைவு, தனித்தனிப் பற்களுக்குப் பதில் ஒரே வெள்ளைப் பட்டை. தூரக் காட்சியில் நிஜப் பற்களும் அப்படித்தான் தெரியும், அதனால் அங்கே பிழையில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியும் நெருக்கக் காட்சியில் பற்கள் மட்டும் பட்டையாக இருந்தால்தான் உறுத்தல். மறுபடியும் அதே விதி: மங்கல் குற்றமில்லை, கூர்மையின் நடுவே மங்கல் குற்றம்.

நேரலையில் முகத்தை மாற்றுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு ஒளிபரப்புக்காகத் தந்த பரிந்துரை ஒன்றின்படி, ஒலி படத்துக்கு 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்ப்பவர்கள் உணரத் தொடங்குகிறார்கள். ஒலி பிந்தினாலோ சுமார் 125 மில்லி செகண்ட் வரை உணர்வதில்லை. இடியோசை மின்னலுக்குப் பிறகு வருவது இயற்கை. முன்னால் வருவதில்லை என்பதால் இந்த ஓரவஞ்சனை. முகத்தை மாற்றும் வேலை படத்தைத்தான் தாமதிக்கும், ஒலியை அல்ல. எனவே தவறு எப்போதும் நமக்குத் தாங்க முடியாத பக்கத்திலேயே விழுகிறது. மூன்று ஃபிரேம் தாமதம் என்றால் 120 மில்லி செகண்ட். ஒலியையும் அதே அளவு பிந்த வைத்தால் இந்தக் குறை தீர்ந்தது.

நடுக்கமும் வழுக்கலும்

ஒவ்வொரு ஃபிரேமிலும் கண், மூக்கு, வாய்முனை எங்கே என்று மென்பொருள் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பிக்சல் அங்கே இங்கே தவறினால் போதும், ஒட்டிய முகம் தலையின் மேல் சன்னமாக நடுங்கும். எந்த ஒரு ஃபிரேமை நிறுத்திப் பார்த்தாலும் குறை தெரியாது.

நடுக்கத்தைப் போக்க, முந்தைய ஃபிரேம்களோடு சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். கடந்த ஐந்து ஃபிரேம்களின் சராசரி என்றால், கிடைக்கும் இடம் இரண்டு ஃபிரேம் பழையது. தலை ஃபிரேமுக்கு 5 பிக்சல் வேகத்தில் திரும்பினால், முகம் 10 பிக்சல் பின்தங்கும். நம் நெருக்கக் காட்சியில் அது நான்கரை மில்லிமீட்டர். நடுக்கம் போய், மண்டையோட்டின் மேல் முகம் வழுக்கும் காட்சி வந்து சேர்கிறது. என்னைக் கேட்டால் இது நடுக்கத்தைவிட மோசம். நேரலை அல்லாத வேலையில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஃபிரேம் சேர்த்துச் சராசரி எடுத்தால், சீரான அசைவில் இந்தப் பின்தங்கல் இருக்காது. வேகமான திருப்பங்கள் மட்டும் சற்று மழுங்கும்.

ஓரமும் நிறமும் ஏன் பின்னால் வருகின்றன

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நேரம் செலவழிப்பது தாடை ஓரத்திலும் தோல் நிறத்திலும்தான். நெற்றியின் மேல்பாதி ஒரு நிறம், கீழ்பாதி வேறு நிறம் என்று அப்பட்டமாக இருந்தால் எவரும் பிடித்துவிடுவார்கள், உண்மைதான். ஆனால் அது வேறு வகைப் பிழை. பார்ப்பவர் “ஒட்டு வேலை சரியில்லை” என்று சொல்லிவிட்டுப் போவார், சில்லிடாது. எங்கே குறை என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடுகிறது. கை முகத்தைக் கடக்கும்போது விரல் மேல் மூக்கு முளைப்பதும், பக்கவாட்டில் திரும்பும்போது மூக்கு நுனி தேய்வதும் இதே கணக்கில்தான் சேரும்.

உள் முகத்துக்கும் வெளிக்கோட்டுக்கும் உள்ள உறவு மட்டும் விதிவிலக்கு. முகமாற்றம் பொதுவாகப் புருவம் முதல் தாடைவரைதான் மாற்றுகிறது. தலைமுடி, காது, மண்டையின் வடிவம் எல்லாம் பழைய ஆளுடையவை. சின்ஹா, போஜ்ஜியோ என்ற இருவர் 1996-இல் பில் கிளின்டனும் அல் கோரும் நிற்பது போன்ற ஒரு படத்தை வெளியிட்டார்கள். இருவருக்கும் வைத்திருந்தது ஒரே உள்முகம். முடியும் தலைவடிவமும் மட்டுமே வேறு. பார்ப்பவர்கள் சட்டென்று இரண்டு வேறு ஆட்களைத்தான் கண்டார்கள். வெளிக்கோடு அவ்வளவு வலிமையானது. அதனால்தான் குறுகலான முகத்தை அகன்ற தலையில் பொருத்தினால், ஓரம் மிகச் சுத்தமாக இருந்தாலும், “இவர் அவர் மாதிரியும் இருக்கிறார், இல்லாத மாதிரியும் இருக்கிறார்” என்ற குழப்பம் தீர்வதில்லை. மென்பொருளால் பிற்பாடு சரிசெய்ய முடியாத குறை இது; முகத்தின் அகலமும் முடி எல்லையும் ஒத்துப்போகும் ஆளை முதலிலேயே தேர்ந்தெடுப்பதுதான் வழி.

ஒரு துண்டு வீடியோவில் குறையைத் தேடுவது

பத்து நொடி வீடியோ ஒன்று உறுத்துகிறது, காரணம் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மங்கலாக இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, செய்தவர் GFPGAN போன்ற முகத்தைக் கூர்மையாக்கும் கருவியைப் போட்டிருக்கிறார். உறுத்தல் கூடிவிட்டது. முதலில் ffmpeg என்ற வீடியோக் கருவியால் படத்தைத் தலைகீழாக்கி ஓடவிட வேண்டும்:

```
ffmpeg -i clip.mp4 -vf "hflip,vflip" ulta.mp4
```

தலைகீழாகவும் குறை கண்ணில் படுகிறது என்றால் அது வெறும் படப் பிழை: ஓரம், நிறம், மினுக்கல், நடுக்கம். தலைகீழானதும் குறை காணாமல் போனால் அது உறவுப் பிழை: பார்வைத் திசை, இமை, உதடு, முகபாவம். நம் வீடியோவில் கன்னம் மட்டும் தலைகீழாகவும் மினுங்குகிறது. கூர்மையாக்கும் கருவி ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகப் பார்ப்பதால், இல்லாத தோல் நுணுக்கங்களை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கற்பனை செய்து வரைந்திருக்கிறது. கழுத்தில் கேமராவின் மணல் போன்ற இரைச்சல் இருக்கிறது, முகத்தில் இல்லை. கருவியின் விளைவைப் பாதிக்குக் குறைத்து அசல் முகத்தோடு கலந்து, கழுத்தில் இருக்கும் அதே அளவு இரைச்சலை முகத்திலும் தூவினால் இது அடங்கும்.

அடுத்து ஒலியை நிறுத்திவிட்டு நேராக ஓடவிட வேண்டும். ஒலியில்லாமல் உறுத்தல் குறைந்தால் வாய்தான் குற்றவாளி. ப, ம வரும் ஃபிரேம்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். குறையவில்லை என்றால், ஓர் அட்டையால் திரையில் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துக் கண்களை மட்டும் பார்க்க வேண்டும். நம் வீடியோவில் இங்கேதான் அகப்படுகிறது: இடது கண்ணில் ஒளிப்புள்ளி பத்து மணியில், வலது கண்ணில் இல்லவே இல்லை. பொருத்திய முகத்தின் அடியில் இருக்கும் அசல் வீடியோவில் இரண்டு புள்ளிகளும் பத்திரமாக இருக்கின்றன. விழி நிறம் ஒத்துப்போகும் பட்சத்தில், புது முகம் எங்கெங்கே தெரிய வேண்டும் என்று குறிக்கும் முகமூடிப் பரப்பில் இமைகளுக்கு நடுவே மட்டும் துளை விட்டு, அசல் விழிகளையே தெரியவிடுவது மிக எளிய தீர்வு. பார்வைத் திசை, ஒளிப்புள்ளி இரண்டும் ஒரே அடியில் சரியாகிவிடும். இமைக் கோட்டில் இரண்டு மூன்று பிக்சலுக்கு மேல் மங்கல் தர வேண்டாம். தந்தால் இமை கரைந்து, தூக்கக் கலக்கமாகத் தெரியும்.

இதே சோதனைகளை, வந்து சேர்ந்த வீடியோ நிஜமா போலியா என்று பார்க்கவும் பலர் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உறுத்துவதெல்லாம் போலியல்ல: ஃபோனின் அழகுபடுத்தும் ஃபில்டர் தோலை வழித்துவிடும், இணைய அழைப்பில் நெட்வொர்க் திணறினால் உதடும் ஒலியும் பிரியும், அழுத்திச் சுருக்கிய வீடியோவில் நிஜப் பற்களும் பட்டையாகும். உறுத்தாததெல்லாம் நிஜமும் அல்ல. கண்களுக்கு இடையே 35 பிக்சலே இருக்கும் சிறிய வீடியோவில், 128 கட்ட மாடல் எதையும் இழுக்கவே வேண்டியதில்லை; மேலே சொன்ன பெரும்பாலான குறைகளுக்கு அங்கே இடமே இல்லை.